கொலம்பஸ் எழுதாத மொழி

கிறிஸ்டோபர் கொலம்பஸைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளில் அவருக்குத் தெரிந்த மொழிகளின் பட்டியல் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. ஜெனோவாவில் பிறந்ததால் தாய்மொழி ஜெனோவியம், லிஸ்பனில் வாழ்ந்ததால் போர்த்துகீசியம், காஸ்தில் அரசிடம் பணியாற்றியதால் காஸ்திலியம் (இன்று ஸ்பானிஷ் எனப்படுவது), நூல்களைப் படித்ததால் லத்தீன், போகிற போக்கில் கொஞ்சம் இத்தாலியம் என்று அந்த வாக்கியம் அடுக்கிக்கொண்டு போகும். அதை ஒருவித அசௌகரியம் இல்லாமல் கடப்பது கடினம். ‘தெரிந்திருந்தது’ என்ற ஒரே வினைச்சொல் ஐந்து மொழிகளையும் தாங்கி நிற்கிறது. அந்த ஐந்துக்கும் உள்ள ஆதாரங்களோ ஒன்றுக்கொன்று எவ்விதத்திலும் ஒப்பானவை அல்ல. ஒரு மொழிக்கு அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. இன்னொன்றுக்கு அச்சுப் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகள் இருக்கின்றன. வேறொன்றுக்கு அவர் அந்த நாட்டில் சில ஆண்டுகள் இருந்தார் என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. இவற்றுள் மிக உறுதியாகச் சொல்லப்படும் தாய்மொழிக்குத்தான் எழுத்துச் சான்று மிகக் குறைவு, சொல்லப்போனால் இல்லவே இல்லை என்பது கொலம்பஸ் ஆய்வின் விசித்திரமான நிலை. ஜெனோவிய மொழியில் அவர் எழுதியதாக ஒரு கடிதமோ கணக்குச் சீட்டோ இன்றுவரை கிடைத்ததில்லை.

அவர் ஜெனோவாக்காரர் என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு ஐயமில்லை. அதற்கான சான்றுகள் ஜெனோவாவிலும் அருகிலுள்ள சவோனாவிலும் இருந்த நோட்டரிகளின், அதாவது சட்டபூர்வ ஆவணங்களை எழுதிப் பதிவுசெய்யும் எழுத்தர்களின், பேரேடுகளிலிருந்து வருகின்றன. கம்பளி நெசவாளரான தொமேனிக்கோ கொலம்போவின் கடன்களும் வாடகைகளும் விற்பனைகளும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன; 1472 மார்ச்சில் சவோனாவில் எழுதப்பட்ட ஓர் உயிலுக்குச் சாட்சியாக நின்ற மகன் கிறிஸ்டோபர், ஜெனோவாவைச் சேர்ந்த கம்பளித் தொழிலாளி என்று குறிக்கப்படுகிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊகோ அசெரெத்தோ வெளியிட்ட ஆவணம் இன்னும் முக்கியமானது. மதெய்ராத் தீவில் சர்க்கரை வாங்க நடந்த ஒரு கொள்முதலில் பணம் போதாமல் தகராறு எழ, கொலம்பஸ் 1479 ஆகஸ்ட் 25 அன்று ஜெனோவாவில் சாட்சியம் அளிக்கிறார். தமக்கு இருபத்தேழு வயது அளவில் இருக்கும் என்றும், மறுநாள் காலை லிஸ்பனுக்குப் புறப்பட இருப்பதாகவும் சொல்கிறார். பிறந்த ஊரில், ஊர்க்காரர்கள் நடுவே, ஊர் வணிகர்களின் வழக்கில் அவர் வாய் திறந்து பேசியதாக நமக்குக் கிடைக்கும் அரிய தருணம் இது. அவர் பேசியது ஜெனோவியமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று கொள்வது இயல்பு. ஆனால் நோட்டரியின் பேரேட்டில் இருப்பதோ லத்தீன். சாட்சி எந்த மொழியில் பேசினாலும் எழுத்தர் அதை லத்தீன் வாசகமாக மாற்றியே பதிவுசெய்வார். அதுதான் தொழில் மரபு. ஆகவே இந்த ஆவணம் கொலம்பஸின் பிறப்பையும் பயணத்தையும் தொழிலையும் நிறுவுகிறது. அவர் நாவிலிருந்து வந்த மொழியை மட்டும் மறைத்துவிடுகிறது. ஆவணம் எந்த மொழியில் இருக்கிறதோ அதுவே அதில் பேசப்படுபவரின் மொழி என்று எடுத்துக்கொள்ளும் பிழை, வாழ்க்கை வரலாற்று எழுத்தில் எவ்வளவு சாதாரணமாக நேர்கிறது என்பதை நினைத்தால், இந்தச் சிறு ஆவணத்தின் முன் சற்று நின்று போவது நல்லது.

அவருடைய கைப்பட்ட கடிதங்களைப் பார்க்கும்போது புதிர் இன்னும் கூடுகிறது. மகன் தியேகோவுக்கு 1504, 1505ஆம் ஆண்டுகளில் செவில் நகரிலிருந்து எழுதிய கடிதங்கள் காஸ்திலியத்தில் இருப்பதில் வியப்பில்லை. மகன் ஐபீரிய மண்ணில் வளர்ந்தவன். ஆனால் செவிலுக்கருகே ஒரு மடத்தில் வாழ்ந்த இத்தாலியத் துறவி காஸ்பர் கொரிசியோவுக்கும், ஜெனோவாவின் தூதராக இருந்த நிக்கோலோ ஒதெரிகோவுக்கும் எழுதியவையும் காஸ்திலியத்திலேயே இருக்கின்றன. 1502 ஏப்ரல் 2 அன்று, நான்காம் கடற்பயணத்துக்குப் புறப்படும் முன், ஜெனோவாவின் சான் ஜியோர்ஜோ வங்கிக்கு அவர் ஒரு கடிதம் அனுப்பினார். உடல் எங்கே திரிந்தாலும் உள்ளம் அந்த நகரத்திலேயே இருக்கிறது என்ற பொருளில் அதில் பேசுகிறார். தம் வருவாயில் பத்தில் ஒரு பங்கை ஜெனோவாவில் உணவுப்பொருள்கள் மீதான வரிச்சுமையைக் குறைக்கத் தருவதாக வாக்களிக்கிறார். ஊர்ப்பாசம் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்பட்ட கடிதத்தை ஊர்க்காரர்களுக்கே அயல்மொழியில் எழுதியவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்விதான் பல மாற்றுக் கோட்பாடுகளுக்கு வித்தாக அமைந்தது. அவர் இத்தாலியரே அல்லர், கட்டலானியர், காலிசியர், போர்த்துகீசியர், மதம் மாறிய யூதர் என்று நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்த வாதங்கள் பலவும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியையே ஆயுதமாக ஏந்தின.

இந்தக் கேள்விக்கு வலுவான விடை ஒன்று இருக்கிறது. அது சமூகத்தைப் பற்றியது, தனிமனிதரைப் பற்றியது அன்று. பதினைந்தாம் நூற்றாண்டு ஜெனோவாவில் ஊர்ப்பேச்சு வேறு, எழுத்துமொழி வேறு. ஒப்பந்தம் என்றால் லத்தீன். வணிகக் கடிதம் என்றால் டஸ்கனி வட்டார வழக்கை அடியொட்டிய பொது இத்தாலியம். ஜெனோவியத்தில் எழுத்தே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. 1300ஆம் ஆண்டை ஒட்டி ஒரு பெயர் தெரியாத கவிஞர் அம்மொழியில் நிறையப் பாடியிருக்கிறார். ஆனால் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அதை எழுதக் கற்றுத்தர எவருக்கும் தேவை இருக்கவில்லை. மதுரையில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசிக்கொண்டு, கடைக் கணக்கையும் கல்யாணப் பத்திரிகையையும் தமிழில் எழுதும் குடும்பங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்நிலை எளிதில் பிடிபடும். இருபது வயதைக் கடந்து கடலோடியாகவும் வணிக முகவராகவும் போர்த்துகலில் குடியேறிய ஒருவர், எழுத்தைத் தன் தேவைக்கு ஏற்ற அளவில் கற்றுக்கொண்டது ஐபீரியாவில்தான் என்றால், பிறகு யாருக்கு எழுதினாலும் கை அந்த மொழிக்கே போகும். இந்த விளக்கம் ஏற்கத்தக்கது. ஆனால் இது அவர் ஜெனோவியம் பேசினார் என்பதற்குச் சான்றாகிவிடாது. எழுதாததற்கு ஒரு காரணத்தை மட்டுமே தருகிறது. சான்றின்மைக்கு விளக்கம் சொல்வதும் சான்று தருவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் அறிவார்கள். இருந்தும் விளக்கம் போதிய அளவு அழகாக அமைந்துவிட்டால் அந்த வேறுபாடு மெல்ல மங்கிவிடுகிறது.

அப்படியானால் பேச்சுமொழியை எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? பிழைகளைக் கொண்டு என்பதே இத்துறையின் பதில். ஒருவர் அயல்மொழியில் எழுதும்போது அவர் முன்பே கற்ற மொழி எழுத்துக்கூட்டிலும் சொல்வடிவிலும் தொடரமைப்பிலும் தலைகாட்டும். அந்தக் கசிவுகளைத் தொகுத்தால் அடியில் கிடக்கும் மொழியை ஊகிக்கலாம். ராமோன் மெனெந்தெஸ் பிதால் 1940இல் கொலம்பஸின் மொழி பற்றி எழுதிய ஆய்வு இந்த முறையின் தலைசிறந்த எடுத்துக்காட்டு. கொலம்பஸின் காஸ்திலியத்தில் தென்படும் விலகல்கள் பெரும்பாலும் போர்த்துகீசியத் தன்மை கொண்டவை என்பது அவர் முடிவு. லத்தீனின் குறில் எகரம் அழுத்தம் பெறும் இடங்களில் காஸ்திலியத்தில் ‘இயெ’ என்ற கூட்டுயிராக உடையும், போர்த்துகீசியத்தில் உடையாது. காலத்தைக் குறிக்கும் சொல் காஸ்திலியத்தில் ‘தியெம்போ’, போர்த்துகீசியத்தில் ‘தெம்பு’. கொலம்பஸ் கூட்டுயிர் வரவேண்டிய இடத்தில் தனி எகரத்தை எழுதித் தடுமாறுகிறார். இதிலிருந்து மெனெந்தெஸ் பிதால் கட்டிய கதை இது: கொலம்பஸ் போர்த்துகலில் பேச்சு வழக்கில் போர்த்துகீசியத்தைக் கற்றார், அங்கேயே, அந்நாட்டு உயர்குடியினர் இலக்கிய மொழியாக மதித்த காஸ்திலியத்தை எழுதக் கற்றார், 1485இல் காஸ்திலுக்கு வந்தபோது அந்தப் போர்த்துகீசியச் சாயலும் கூடவே வந்தது, இறுதிவரை போகவில்லை. பரதோலொமே தெ லாஸ் காசாஸ் என்ற துறவி, கொலம்பஸின் தாள்களை நேரில் வைத்துக்கொண்டு இந்தியத் தீவுகளின் வரலாற்றை எழுதியவர், கடற்படைத் தலைவரின் சொற்கள் முழுமையான காஸ்திலியமாக இல்லை, அது அவருக்குத் தாய்மொழி அன்று என்று குறிப்பிட்டிருப்பதும் இதற்கு அரணாக நிற்கிறது. செவிலில் பிறந்தவரின் காது அது. எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் இந்த முறை பார்வைக்குத் தோன்றும் அளவுக்குக் கூர்மையானது அன்று. ‘தெம்பு’ என்பதில் கூட்டுயிர் இல்லை, சரி; இத்தாலியத்தின் ‘தெம்போ’விலும் இல்லை, கட்டலானிலும் இல்லை. காஸ்திலியம் ஒன்று மட்டும் விலகிச் செல்லும் இடத்தில் ஒருவர் தவறினால், அவர் காஸ்திலியர் அல்லர் என்பது தெரியுமே தவிர, மற்ற மூன்றில் எதிலிருந்து வந்தவர் என்பது தெரியாது. விர்ஜில் மிலானி 1973இல் வெளியிட்ட ஆய்வில் எழுப்பிய மறுப்பு ஏறக்குறைய இதுதான்: போர்த்துகீசியம் என்று எண்ணப்பட்ட பல வடிவங்களை ஜெனோவியமாகவும் விளக்கலாம். ஒலி வரலாறும் அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. லத்தீனில் ‘ப்ல்’ என்று தொடங்கிய சொற்கள் டஸ்கனில் ‘பிய்’ ஆகவும் காஸ்திலியத்தில் நாவை அண்ணத்தில் ஒட்டி எழும் லகரமாகவும் மாறின. போர்த்துகீசியத்திலும் ஜெனோவியத்திலும் மட்டும், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒன்றையொன்று அறியாமலே, இரண்டும் ‘ச்ச’ என்ற வல்லொலியை அடைந்தன. மழை பெய்வதைக் குறிக்கும் வினை டஸ்கனில் பகரத்தோடு தொடங்க, இவ்விரு மொழிகளிலும் சகரத்தோடு தொடங்கியது. தாய்மொழியையும் பிற்காலத்தில் கற்ற மொழியையும் பிரித்தறிய ஓர் ஆய்வாளர் நம்பும் கருவி, இயற்கையே இரண்டையும் ஒரே வார்ப்பில் ஊற்றிவிட்ட இடங்களில் மழுங்கிப்போகிறது. மெனெந்தெஸ் பிதால் சொன்னது தவறு என்று இதனால் ஆகாது. பத்தாண்டு அளவு லிஸ்பனிலும் மதெய்ராவிலும் வாழ்ந்து, போர்த்துகீசியக் குடும்பத்தில் மணம் செய்தவரின் எழுத்தில் போர்த்துகீசியம் கசியாமல் இருந்தால்தான் அதிசயம். எந்தப் பிழை எந்த மொழியின் கணக்கில் சேர வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டியிருக்கிறது என்பதும், பலவற்றில் தீர்ப்பே சொல்ல முடியாது என்பதும்தான் இதன் விளைவு.

பிழையை நம்பும்போது இன்னொரு தொல்லையும் உண்டு: பிழை யாருடையது? முதல் பயணத்தின் நாட்குறிப்பு மூலம் தொலைந்துவிட்டது. இருப்பது லாஸ் காசாஸ் தம் கையால் எழுதிய சுருக்கம். சில இடங்களில் ‘தலைவர் சொல்கிறார்’ என்று படர்க்கையில் போகும். சில இடங்களில் கொலம்பஸின் சொற்களையே அப்படியே தருவதாகச் சொல்லித் தன்மையில் பேசும். படியெடுக்கும் கை பழக்கத்தின் வசப்பட்டது. தனக்குப் பழகிய வடிவத்துக்கு அயல் வடிவத்தைத் தானறியாமல் திருத்திவிடும். ஆகவே இந்தச் சுருக்கத்தில் எஞ்சியிருக்கும் போர்த்துகீசியச் சாயலை ஓரளவு நம்பலாம், அது திருத்தத்திலிருந்து தப்பிய எச்சம். எத்தனை எச்சங்கள் அழிந்தன என்று மட்டும் கணக்கிட முடியாது. அச்சில் நடப்பதோ நேர்மாறானது. 1493இல் கொலம்பஸ் தம் கண்டுபிடிப்பை அறிவித்த கடிதம் பார்சலோனாவில் அச்சேறியது. கட்டலான் பேசும் நகரத்தில் எழுத்துக் கோத்தவர் கை அதில் கட்டலான் வடிவங்களைப் புகுத்த எல்லா வாய்ப்பும் இருந்தது. அந்த வடிவங்களைப் பொறுக்கியெடுத்துக் கொலம்பஸ் கட்டலானியர் என்று நிறுவ முற்பட்டவர்கள், அச்சகத் தொழிலாளியின் தாய்மொழியைக் கண்டுபிடித்திருக்கக்கூடும். மகன் எர்னாந்தோ எழுதிய தந்தையின் வரலாறும் காஸ்திலிய மூலத்தில் கிடைக்கவில்லை. 1571இல் வெனிஸில் வெளியான இத்தாலிய மொழிபெயர்ப்பாகவே கைக்கு வருகிறது. கொலம்பஸ் பவியா பல்கலைக்கழகத்தில் படித்தார் என்ற செய்தி அதில்தான் இருக்கிறது. அவருடைய லத்தீனுக்கு மூலம் சொல்ல வசதியான செய்தி. ஆனால் நெசவுத் தறிக்கும் கப்பல் தளத்துக்கும் இடையே அந்தப் படிப்புக்கு நோட்டரி ஆவணங்களில் இடமே காணவில்லை என்பதால் அதை நம்புவோர் குறைவு.

லத்தீனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் செவில் பேராலயத்தின் கொலம்பீனா நூலகத்துக்குப் போக வேண்டும். அவருக்குச் சொந்தமான சில அச்சு நூல்கள் அங்கே இருக்கின்றன: பியேர் தய்யியின் ‘இமாகோ முந்தி’ என்ற உலகப் பட விளக்கம், பின்னாளில் இரண்டாம் பயஸ் போப்பான ஈனியாஸ் சில்வியஸ் எழுதிய உலகச் செய்திகளின் வரலாறு, லத்தீனாக்கப்பட்ட மார்கோ போலோ, இத்தாலியமாக்கப்பட்ட பிளினி, காஸ்திலியத்தில் புளூட்டார்க். முதலிரண்டு நூல்களின் ஓரங்களில் மட்டுமே ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட குறிப்புகள், பெரும்பாலும் லத்தீனில். இவற்றைக் காட்டிக் கொலம்பஸ் லத்தீனில் தேர்ந்தவர் என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் குறிப்புகளைக் கிட்ட வைத்துப் பார்த்தால் மிகப் பல, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சொற்களையே ஓரத்தில் மறுபடி எழுதியவை: ஒரு நாட்டின் பெயர், ஒரு பொருளின் பெயர், ‘இங்கே பொன் உண்டு’ என்பது போன்ற அடையாளம். பார்த்து எழுதுவது படிக்கத் தெரிந்ததைக் காட்டும். சொந்தமாகத் தொடர் அமைக்கத் தெரிந்ததைக் காட்டாது. அவரே வாக்கியம் கட்டும் இடங்களில் வேற்றுமை உருபுகள் சறுக்குகின்றன, எழுத்துக்கூட்டு ஸ்பானியச் சாயல் கொள்கிறது. லத்தீனைக் காஸ்திலியத்துக்குப் பிறகு, காஸ்திலியத்தின் வழியாக, வயது வந்தபின் கற்றவர் என்று மெனெந்தெஸ் பிதால் முடிவுகட்டியது இந்த இடங்களை வைத்துத்தான். பவியா கதைக்கு விழுந்த கடைசி அடியும் அதுவே.

அந்தக் குறிப்புகளும்கூட எல்லாம் அவருடையவைதாமா? இமாகோ முந்தியின் ஓரத்தில் ஒரு நீண்ட குறிப்பு இருக்கிறது. 1488 டிசம்பரில் பார்தலோமேயு தியாஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டு லிஸ்பனில் வந்து இறங்கியதையும், அரசருக்குத் தம் பயணத்தைக் கடல்வரைபடத்தில் காட்டி விளக்கியதையும் சொல்லி, இதிலெல்லாம் எழுதுபவரும் உடனிருந்ததாக முடிகிறது. கொலம்பஸ் அந்த டிசம்பரில் லிஸ்பனில் இருந்தாரா, காஸ்திலில் இருந்தாரா என்பதைத் தீர்க்கும் வல்லமை அந்த ஒரு தொடருக்கு உண்டு. ஆனால் இரு சகோதரர்களின் கையெழுத்தையும் அறிந்த லாஸ் காசாஸ் அது தம்பி பார்த்தொலோமேயின் கை என்கிறார். தம்பி வரைபடம் வரைந்து பிழைத்தவர், அவரும் அதே நூல்களைப் புரட்டியவர். பின்வந்தோர் சிலர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் மறுத்தார்கள். லத்தீன் யாருடையது என்பதே இப்படித் தீராமல் கிடக்கும்போது அந்த லத்தீனின் தரத்தை ஒரு மனிதருக்கு மதிப்பெண்ணாகப் போடுவது எப்படி? ஈனியாஸ் சில்வியஸ் நூலில் உள்ள காஸ்திலியக் குறிப்பு ஒன்றுக்கும் இதே கதிதான். யூதர்களின் கணக்குப்படி உலகம் தோன்றி எத்தனை ஆண்டு என்று கணக்கிடும் அக்குறிப்பில் 1481ஆம் ஆண்டு வருகிறது. அது அந்த ஆண்டிலேயே எழுதப்பட்டது, கொலம்பஸ் கையால் எழுதப்பட்டது என்று இரண்டையும் ஒப்புக்கொண்டால், காஸ்திலுக்கு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, போர்த்துகலிலேயே அவர் காஸ்திலியம் எழுதினார் என்பது உறுதியாகிவிடும். மெனெந்தெஸ் பிதாலின் கட்டடத்துக்கு அது மூலைக்கல். கணக்கில் வரும் ஆண்டு வேறு, கணக்குப் போட்ட நாள் வேறு என்று ஒருவர் சொன்னால் அந்தக் கல் ஆடத்தான் செய்கிறது.

இத்தனைக்கும் நடுவே இத்தாலியத்தில் எழுத முயன்ற ஒரு குறிப்பு இருக்கிறது. கொலம்பஸின் மொழி பற்றிய விவாதம் முழுவதையும் ஒரு விரலகலத்தில் அடக்கிக் காட்டுவது அது. பிளினியின் இத்தாலியப் பதிப்பை அவர் படிக்கிறார். நூல் இத்தாலியத்தில் இருந்தும் ஓரக்குறிப்புகளைப் பெரும்பாலும் காஸ்திலியத்திலேயே போடுகிறார். அம்பர் என்னும் பிசின்கல் பற்றிய இடத்தில் மட்டும், நூலின் மொழியால் இழுக்கப்பட்டோ என்னவோ, இத்தாலியத்துக்குத் தாவுகிறார். இந்தியாவில் அது மண்ணுக்கு அடியில் உண்டாவது உறுதி என்கிறார். ஹைத்தி என்றோ ஓஃபிர் என்றோ சிப்பாங்கு என்றோ அழைக்கத்தக்க, தாம் எஸ்பஞோலா என்று பெயரிட்ட தீவில் பல மலைகளில் அதைத் தோண்டியெடுக்கச் செய்ததாகவும், தலை அளவு பெரிய துண்டு கிடைத்ததாகவும் சொல்கிறார். தீவின் பெயர் வருவதால் இது 1492க்குப் பிந்தையது என்பதில் ஐயமில்லை. தோண்டச் செய்தவர் பேசுவதால் தம்பியின் கை என்ற ஐயத்துக்கும் இடம் குறைவு. மொழியைப் பாருங்கள்: ‘இருக்கிறது’ என்பதற்கு இத்தாலியத்தின் ‘எ’ வரவேண்டிய இடத்தில் காஸ்திலியத்தின் ‘எஸ்’ நிற்கிறது, மண்ணுக்குக் கூட்டுயிரோடு ‘தியெர்ரா’ என்ற காஸ்திலியச் சொல், ‘அல்லது’ என்பதற்கு லத்தீன், ‘பல மலைகள்’ இத்தாலியம். அதே இத்தாலியத்தில் டஸ்கன் எழுத்தர் இரட்டித்து எழுதும் மெய்களை இவர் ஒற்றையாக எழுதுகிறார்.

தாய்மொழியை மறந்தவரின் உளறல் என்று இதைத் தள்ளிவிடலாம். இத்தாலியரே அல்லாதவர் இத்தாலியம் எழுதப் பார்த்த முயற்சி என்றும் கொள்ளலாம். இரண்டும் அவசரமான தீர்ப்புகள். மெய் ஒற்றையாக வருவது வட இத்தாலியப் பேச்சின் இயல்பு, ஜெனோவியம் உட்பட. ஆனால் காஸ்திலியரும் அப்படித்தான் எழுதுவார்கள், ஆகவே அதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை. கவனிக்க வேண்டியது ஒரு சிற்றுருபு. ஏற்கெனவே பேசிய பொருளில் ‘அதிலிருந்து கொஞ்சம்’ என்ற பொருள்பட வினைக்கு முன் வரும் ‘நே’ என்ற இத்தாலியச் சிறுசொல் இக்குறிப்பில் இருமுறை, சரியான இடத்தில், இயல்பாக வந்து உட்காருகிறது. காஸ்திலியத்திலோ போர்த்துகீசியத்திலோ அதற்கு இணையே இல்லை. பெயர்ச்சொற்களை அகராதி பார்த்து மாற்றலாம், இல்லாத ஓர் உருபின் தேவையை உணர்வது அந்தப் பேச்சில் வளர்ந்தவருக்கே எளிது. எழுத்துப் பயிற்சி இல்லாத ஒரு மொழியை, எழுத்துப் பயிற்சி உள்ள இன்னொரு மொழியின் கூட்டில் அடைத்து எழுதும் ஒருவரின் கையாக இது தெரிகிறது. ஆனால் நேர்மை கருதி ஒன்றையும் சேர்க்க வேண்டும்: கட்டலானிலும் அத்தகைய உருபு உண்டு. ஆகவே ஒரு கட்டலான் ஆதரவாளர் இதே வரியை எடுத்துத் தம் பக்கம் இழுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அவரைத் தடுத்து நிறுத்துவது மொழியியல் அன்று, சவோனாவின் உயிலும் ஜெனோவாவின் சர்க்கரை வழக்கும்தான். மொழிச் சான்று தனித்து நின்று ஒரு மனிதரின் பிறப்பிடத்தைச் சொல்வதில்லை. பிறப்பிடம் வேறு வழியில் தெரிந்தபின், மொழிச் சான்று அதோடு முரண்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

பட்டியலை நீட்டும் ஆசை இதோடும் நிற்பதில்லை. கையொப்பத்தில் அவர் கிரேக்க எழுத்துகளைக் கலந்து ‘கிறிஸ்துவைச் சுமப்பவர்’ என்று தம் பெயரைப் பிரித்து எழுதியதால் கிரேக்கம். தியேகோவுக்கு எழுதிய சில கடிதங்களின் மேல் மூலையில் உள்ள ஒரு சுழிப்பை எபிரேய ஆசிமொழியின் குறுக்கமாகப் படிப்பதால் எபிரேயம். கிறிஸ்துவின் பெயரைக் கிரேக்க எழுத்துகளால் சுருக்குவது அன்று ஐரோப்பா முழுவதும் கோயில் எழுத்தர்கள் செய்துவந்தது. பேனா ஓட்டத்தில் விழுந்த சுழிப்புக்கு மொழி ஏற்றுவதோ வாசகரின் விருப்பம். உண்மையில் எபிரேயமும் கல்தேயமும் கொஞ்சம் அரபும் தெரிந்த ஒருவர் முதல் பயணத்தில் இருந்தார். லூயிஸ் தெ தோர்ரெஸ் என்ற மொழிபெயர்ப்பாளர். 1492 நவம்பரில் கியூபாவின் உட்பகுதிக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே பேசப்பட்ட தாயினோ மொழிக்கு அவருடைய மொழிகள் ஒன்றும் உதவவில்லை. ஆயினும் அதே வாரங்களின் நாட்குறிப்பில் தீவினர் பொன் இருக்கும் திசையைச் சொன்னார்கள், பெரிய அரசரைப் பற்றிச் சொன்னார்கள், ஒற்றைக் கண்ணரைப் பற்றிச் சொன்னார்கள் என்று தலைவர் தடையில்லாமல் எழுதிக்கொண்டே போகிறார். கைச்சாடையில் கண்டதையும் ஆசையில் கேட்டதையும் ‘சொன்னார்கள்’ என்ற வினையில் அவர் போட்டதை வரலாற்றாசிரியர்கள் சரியாகவே கண்டிக்கிறார்கள். அவர் மொழியறிவைப் பட்டியலிடும்போது அதே வேலையைத் தாங்களும் செய்கிறார்கள்.

2024 அக்டோபரில் ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சியின் ஆவணப்படம் ஒன்று, மரபணு ஆய்வின் பேரில், கொலம்பஸ் மேற்கு மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்த யூத வழியினர் என்று அறிவித்தது. துறைசார் இதழில் தரவுகள் வெளியாகாமலே செய்யப்பட்ட அறிவிப்பு என்பதால் மரபணு அறிஞர்களே அதை ஐயத்துடன் பார்த்தார்கள். அது மெய்யென்றே வைத்துக்கொண்டாலும் எலும்பிலிருந்து பேச்சு கிடைக்காது. சர்க்கரை வழக்கில் அந்த இளைஞர் நோட்டரியிடம் எந்த மொழியில் விடையளித்தார் என்ற கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு நெருங்கிச் செல்ல உதவியவர்கள், கொலம்பஸின் எழுத்துகளைத் திருத்தாமல் அச்சிட்ட பதிப்பாசிரியர்கள். 1890களில் இத்தாலிய அரசு வெளியிட்ட பெருந்தொகுப்பில் சேசரே தெ லோல்லிஸ் ஓரக்குறிப்புகளை எழுத்துப் பிசகாமல் பெயர்த்துத் தந்திராவிட்டால் மெனெந்தெஸ் பிதாலுக்கு எண்ணிப்பார்க்கப் பிழைகளே இருந்திருக்கா. பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் இன்று பதிப்பிப்பவர்கள், வாசகரின் வசதிக்காக எழுத்துக்கூட்டைச் சீர்செய்யும் முன், சீர்செய்யாத வடிவத்தையும் ஒரு பக்கம் ஒதுக்கி அச்சிட்டுவிட வேண்டும்.